12.60 லட்சம் கூடுதலாகக் கேட்ட ஒரு மெயில்: நிகழ்வு ஆய்வு

சென்னைக்கு மேற்கே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் குடோன், சுமார் 60,000 சதுர அடி. லாரிக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய பிரேக் டிரம், கிளட்ச் பிளேட், ஃபேன் பெல்ட் எல்லாம் அங்கிருந்துதான் டீலர்களுக்குப் போகும். காகிதத்தில் லிஸ்ட் அடித்து அதைப் பார்த்துச் சரக்கு எடுக்கும் பழைய முறையை விட்டுவிட்டு, தட்டிலிருந்து சரக்கு எடுக்கும் பிக்கர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்கேனர் கொடுத்து, எந்தத் தட்டிலிருந்து எதை எடுத்தாலும் அந்த நொடியே கணினியில் இருப்புக் குறைய வேண்டும் என்பதுதான் திட்டம். பிப்ரவரியில் 84 லட்சம் ரூபாய் சாங்ஷன் ஆனது. செப்டம்பரில் திட்ட மேலாளர், செயல்பாட்டுத் துறைத் தலைவருக்கு ஒரு மெயில் எழுதி இன்னும் 12.60 லட்சம் கேட்டார்.

நான் அப்போது அதே நிறுவனத்தின் திட்ட அலுவலகத்தில் இருந்தேன். கூடுதல் பணம் கேட்கும் மெயில்கள் எல்லாம் எங்கள் வழியாகத்தான் நிதிப் பிரிவுக்குப் போகும், அதனால் இந்த மெயிலின் முதல் வரைவு, கடைசி வடிவம், அதற்குப் பிறகு நடந்த கூட்டம் எல்லாமே எனக்குத் தெரியும். ஆள்பெயர், நிறுவனப் பெயர் இல்லாமல் எழுதுகிறேன். மெயிலைப் பற்றிப் பேசும் முன்னால் குடோனுக்குள் என்ன நடந்தது என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் ஏன் கூடியது என்பதன் முழுக் காரணமும் அங்கேதான் இருக்கிறது.

சிக்கல் எங்கே இருந்தது

சாங்ஷன் நோட்டில் வைஃபை சிக்னலைப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் பெட்டி 12 என்று இருந்தது. சப்ளையர் பிளானைப் பார்த்து, 5,000 சதுர அடிக்கு ஒன்று என்று வகுத்துப் போட்ட கணக்கு அது. ஆபீஸ் கட்டடத்துக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரிப்படும். குடோனுக்குச் சரிப்படாது. அங்கே தரைப் பரப்பைவிட, ரேக்கில் என்ன சரக்கு எவ்வளவு உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது என்பதுதான் சிக்னலைத் தீர்மானிக்கும். இரும்பு உதிரிபாகம் சிக்னலைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் கலந்த சரக்கு அதை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் அவ்வளவாக உறிஞ்சாது, ஆனால் கூலன்ட் கேனும் பேட்டரியும் அடுக்கிய ரேக் ஒரு தண்ணீர்ச் சுவர் மாதிரிதான்.

பிப்ரவரியில் அந்த ரேக்குகளில் பாதி காலி. ஜூனில் நிறுவனத்தின் இன்னொரு குடோன் மூடப்பட்டு, கூலன்ட், பேட்டரி பிரிவு முழுவதும் இங்கே வந்து சேர்ந்தது. ஆகஸ்டில் சோதனை ஓட்டம் தொடங்கியபோது மொத்தம் 22 ரேக் சந்துகளில் 14-இல் ஸ்கேனர் தடுமாறியது.

தடுமாறியது என்றால் சிக்னல் அடியோடு போய்விடவில்லை, அதனால்தான் பல நாள் யாருக்கும் விஷயம் பிடிபடவில்லை. பிக்கர் பார்கோடைக் காட்டுவார், ஸ்கேனர் வழக்கம்போல 'பீப்' என்று சத்தம் கொடுக்கும், பிறகு திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சந்தின் முனைக்கு நடந்து வந்தால் சரியாகிவிடும். சில நேரம் பழைய ஆக்சஸ் பாயின்டையே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு இணைப்பு அறுந்து, மறுபடி லாகின் கேட்கும். நாளுக்கு நூறு வரி சரக்கு எடுக்க வேண்டிய ஆள் இதற்கெல்லாம் நின்றுகொண்டிருக்க மாட்டார். அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் பேனாவால் தட்டு எண்ணையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, சந்தைவிட்டு வெளியே வந்து மொத்தமாக ஸ்கேனரில் தட்டிவிடுவார். அப்படிப் பேனா எழுத்தோடு பேக்கிங் மேசைக்கு வந்த பெட்டிகளைப் பார்த்துத்தான் திட்ட மேலாளருக்குச் சந்தேகமே வந்தது. கணினி அறிக்கையில் எல்லா வரியும் 'ஸ்கேன் ஆனது' என்றுதான் காட்டியது.

வெளியாளை வைத்துச் சரக்கு நிறைந்த நிலையில் சர்வே எடுத்தார்கள். ஸ்கேனர் நகர்ந்துகொண்டே வேலை செய்ய மைனஸ் 67 டிபிஎம் அளவாவது சிக்னல் வேண்டும் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை. அந்த 14 சந்துகளிலும் நடுப்பகுதி அதற்குக் கீழே இருந்தது. கூரையில் இன்னும் நாலு பெட்டி மாட்டினால் போதாதா என்றால், போதாது. எல்லாத் திசைக்கும் பரப்பும் ஆக்சஸ் பாயின்டைக் கூரையில் கூட்டிக்கொண்டே போனால் ஒன்றுக்கொன்று குறுக்கிடும், ரேக்கின் அடித்தட்டுக்குச் சிக்னல் அப்போதும் போகாது. சந்துக்கு ஒன்றாக, முனையில், சந்தின் நீளவாக்கில் மட்டும் பாயும்படி டைரக்‌ஷனல் ஆன்டெனா வைக்க வேண்டும் என்று சர்வே சொன்னது. அதாவது 14 செட்.

முதல் வரைவு

திட்ட மேலாளர் முதலில் எழுதியது மூன்று பக்கம். அதில் முதல் பக்கம் முழுக்க அலைவரிசை விளக்கம், பணம் எவ்வளவு என்பது இரண்டாம் பக்கத்தின் அடியில். நான் அவரிடம் பேசியது அதைப் பற்றி அல்ல, அது எளிதாகச் சரியாகிவிடும். வேறு மூன்று இடங்கள் என்னை உறுத்தின.

ஒன்று, "இதுவரை 62 லட்சம் செலவாகிவிட்ட நிலையில் திட்டத்தைக் கைவிட இயலாது" என்ற வரி. அவர் அதைத்தான் தன் பலமான வாதமாக நினைத்திருந்தார். துறைத் தலைவர் அப்படியே எடுத்துக்கொண்டாலும் நிதிப் பிரிவு எடுத்துக்கொள்ளாது. செலவான பணம் எந்த முடிவெடுத்தாலும் திரும்பி வரப்போவதில்லை. இனிமேல் போடப்போகும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் அவர்கள் கேட்பார்கள், அதற்கு அந்த வரைவில் பதிலே இல்லை.

இரண்டாவது, "கூலன்ட் பிரிவை இங்கே மாற்ற எடுத்த முடிவின் விளைவாக" என்ற வரி. அந்த முடிவை எடுத்தவர் மெயிலைப் பெறப்போகிற துறைத் தலைவரேதான். தகவல் பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை. சரக்கு நிறைந்த நிலையில் எப்படி இருக்கும் என்று யோசிக்காமல் தரைப் பரப்பை வைத்து 12 என்று போட்டதும் காரணம்தான், அது திட்டக் குழு ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. ஒரு காரணத்தை மட்டும் சொன்னால் பழி போடுவதுபோல் ஆகும், இரண்டையும் தேதியோடு சொன்னால் என்ன நடந்தது என்று சொல்வதாக ஆகும்.

மூன்றாவது, மாற்று வழிகள். "மாற்று 1: எதுவும் செய்யாமல் விடுவது. மாற்று 2: முழுமையாகச் செய்வது" என்று இருந்தது. இது மாற்றே இல்லை. மேலே இருப்பவருக்குத் தேர்வு செய்ய உண்மையிலேயே ஒன்றுக்கு மேல் வழி வேண்டும், மேலாளருக்குப் பிடிக்காவிட்டாலும் அவர் செய்து முடிக்கக்கூடிய வழியாக அது இருக்க வேண்டும். இல்லையென்றால் துறைத் தலைவரே மூன்றாவதாக ஒன்றை யோசிப்பார், அதற்கு மெயிலில் கணக்கு இருக்காது, "விசாரித்துவிட்டு வாங்க" என்று ஒரு வாரம் போய்விடும்.

அந்த ஒரு வாரம் இங்கே பெரிய விஷயம். செப்டம்பர் கடைசியில் அரையாண்டு ஸ்டாக் எடுப்புக்காக மூன்று நாள் குடோன் சரக்கு அனுப்பாது. சந்துகளுக்குள் சிசர் லிஃப்டை ஏற்றி ஒன்பது மீட்டர் உயரத்தில் கேபிள் இழுக்க அந்த மூன்று நாள்தான் வசதி. அதைத் தவறவிட்டால் இரவு நேரத்தில் இரண்டு இரண்டு சந்தாகத்தான் செய்ய முடியும், கூலியும் கூடும், நாளும் இழுக்கும்.

அனுப்பிய மெயில்

உண்மையில் ஆங்கிலத்தில் போனது. தமிழில் தருகிறேன், இணைப்புகள் இல்லாமல்.

> பொருள்: ஸ்கேனர் திட்டம்: கூடுதல் ரூ.12.60 லட்சத்துக்கு அனுமதி, 15 செப்டம்பருக்குள் முடிவு தேவை
>
> வணக்கம் சார்,
>
> ஸ்கேனர் திட்டத்துக்கு ஏற்கெனவே அனுமதித்த ரூ.84 லட்சத்துக்கு மேல் ரூ.12.60 லட்சம் (15 சதவீதம்) கேட்டு எழுதுகிறேன். அனுமதி கிடைத்தால் மொத்தம் ரூ.96.60 லட்சம் ஆகும். புதிய முறை முழுதாக ஓடத் தொடங்கும் கோ-லைவ் நாள் அக்டோபர் 6-இலிருந்து நவம்பர் 3-க்குத் தள்ளிப்போகும். தொகை எல்லாம் ஜிஎஸ்டி சேர்க்காமல்.
>
> என்ன ஆயிற்று: ஆகஸ்ட் சோதனையில் 22 சந்துகளில் 14-இல் ஸ்கேனர் இணைப்பு நிற்கவில்லை. இரண்டு காரணம். பிப்ரவரி மதிப்பீட்டில் ஆக்சஸ் பாயின்ட் எண்ணிக்கையைத் தரைப் பரப்பை வைத்து முடிவு செய்தோம், சரக்கு நிறைந்த நிலைக்குச் சர்வே எடுக்கவில்லை. ஜூனில் கூலன்ட், பேட்டரி சரக்கு வந்த பிறகு ரேக்குகள் நிறைந்து, சிக்னல் தடுப்பு அதிகமானது. ஆகஸ்ட் கடைசியில் எடுத்த சர்வேயின் வரைபடம் இணைப்பு 1.
>
> பணம் எதற்கு: 14 சந்துகளுக்கும் டைரக்‌ஷனல் ஆன்டெனாவோடு ஆக்சஸ் பாயின்ட், செட் ரூ.42,000 வீதம் 5.88 லட்சம். ஸ்விட்ச், கேபிள், பைப் 2.72 லட்சம். சிசர் லிஃப்ட் வாடகை, கூலி 1.60 லட்சம். வேலை முடிந்தபின் மறு சர்வே 0.80 லட்சம். சாஃப்ட்வேர் சப்ளையரின் ஆட்கள் கூடுதலாக நாலு வாரம் இருக்க 3.40 லட்சம். இந்த வேலைக்கு மட்டும் எதிர்பாராச் செலவு 1.00 லட்சம். ஆக 15.40 லட்சம். எதிர்பாராச் செலவுக்கென்று முன்பே ஒதுக்கிய கன்டிஜென்சியில் மீதமிருக்கும் 2.80 லட்சத்தை இதில் கழித்துவிட்டேன், அதனால் கேட்பது 12.60.
>
> இப்போதைய நிலை: இதுவரை செலவு 62.20 லட்சம். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட, இன்னும் கொடுக்காத தொகை 19.00 லட்சம், அதில் மாற்றம் இல்லை. இன்றிலிருந்து திட்டத்தை முடிக்க 34.40 லட்சம் ஆகும். சாங்ஷன் நோட்டில் சொன்ன மாதச் சேமிப்பு 4.10 லட்சம். அந்தக் கணக்கில், இனிப் போடும் பணம் எட்டரை மாதத்தில் திரும்பும். முழுத் திட்டத்துக்கும் பார்த்தால் 20.5 மாதம் என்று சொன்னது 23.6 மாதமாகிறது. இதுபோக, நாலு வாரத் தாமதத்தால் ஒரு மாதச் சேமிப்பும் போகிறது.
>
> வேறு வழிகள்:
>
> அ) மேலே சொன்னபடி 14 சந்தும் இப்போதே. ரூ.12.60 லட்சம். என் பரிந்துரை இது.
>
> ஆ) அதிகம் ஓடும் சரக்குள்ள 8 சந்து இப்போது, மீதி 6 அடுத்த நிதியாண்டில். இப்போது ரூ.8.20 லட்சம். அடுத்த ஆண்டு லிஃப்டும் சர்வேயும் மறுபடி வேண்டும் என்பதால் அப்போது சுமார் 6 லட்சம், ஆக மொத்தம் 14.20 லட்சம். அதுவரை அந்த 6 சந்திலும் காகித லிஸ்ட் தொடரும்.
>
> இ) புதிய சாதனம் வாங்காமல், ஸ்கேனர் விவரத்தைத் தன்னுள் வைத்திருந்து சந்தைவிட்டு வெளியே வந்ததும் அனுப்பும்படி சாஃப்ட்வேரை மாற்றுவது. ரூ.4.40 லட்சம். வேலை நடக்கும், ஆனால் அந்த 14 சந்துகளில் இருப்பு உடனுக்குடன் தெரியாது, ஒரே தட்டுக்கு இரண்டு பேர் போவது தொடரும். மாதச் சேமிப்பு 2.30 லட்சம் அளவில் நிற்கும் என்று மதிப்பிடுகிறேன்.
>
> ஈ) கூலன்ட், பேட்டரி சரக்கை வெளி பிளாக்குக்கு மாற்றுவது. பார்த்தோம். அங்கே பேட்டரி வைக்கக் காற்றோட்டமும் தரை அமைப்பும் இல்லை, அதனால் கணக்குப் போடவில்லை.
>
> உ) இத்தோடு நிறுத்துவது. ஸ்கேனர்களை மற்ற கிளைகளுக்குக் கொடுக்கலாம். சாஃப்ட்வேருக்குக் கொடுத்தது திரும்பாது.
>
> 15-ஆம் தேதி ஏன்: பர்ச்சேஸ் ஆர்டர் கொடுத்தால் சாதனம் வர பத்து நாள். செப்டம்பர் 28 முதல் 30 வரை ஸ்டாக் எடுப்பு நடக்கும் மூன்று நாளில்தான் சந்துகளுக்குள் லிஃப்ட் ஏற்ற முடியும். தவறினால் இரவு வேலையாக நவம்பர் வரை இழுக்கும், கூலியும் கோ-லைவும் இரண்டும் மாறும்.
>
> நாளை அல்லது நாளை மறுநாள் அரை மணி நேரம் கொடுத்தால் நேரில் விளக்குகிறேன். கொட்டேஷன்கள் இணைப்பு 2, மாற்றிய கால அட்டவணை இணைப்பு 3.

மெயிலில் கவனிக்க வேண்டியவை

கேட்கும் தொகையில் அவர் கன்டிஜென்சியைக் கழித்த விதம் எனக்குப் பிடித்தது. பலர் அந்த மீதியைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள், பின்னால் கைக்கு உதவும் என்று. நிதிப் பிரிவு முதலில் பார்ப்பதே அதைத்தான், "கையில் 2.80 இருக்கும்போது ஏன் 15.40 கேட்கிறார்" என்று. அதே சமயம் அவர் புதிய வேலைக்கு ஒரு லட்சம் தனியாக வைத்ததும் சரி. பழையதை முழுவதும் கழித்துவிட்டால் திட்டத்தில் மூச்சுவிட இடமே இருக்காது, ஒரு ஸ்விட்ச் பழுதானாலும் மறுபடி மெயில் எழுத வேண்டும். இரண்டாவது முறை கேட்பது முதல் முறையைப்போல் இருக்காது. தொகை சிறிதாக இருந்தாலும் முதல் மெயிலின் எல்லாக் கணக்கும் சந்தேகத்துக்கு வந்துவிடும்.

இரண்டு திருப்பிப்பெறும் கணக்கையும் அவர் கொடுத்தார் என்பதையும் பாருங்கள். எட்டரை மாதம் என்பது இப்போது எடுக்க வேண்டிய முடிவுக்கான எண், ஏனென்றால் இனிச் செலவாகும் 34.40 லட்சத்தை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. 23.6 மாதம் என்பது பிப்ரவரியில் சொன்ன வாக்கோடு ஒப்பிடுவதற்கான எண். முதல் எண்ணை மட்டும் போட்டிருந்தால் பழைய செலவை மறைப்பதாகத் தோன்றும். இரண்டாவதை மட்டும் போட்டிருந்தால் திட்டம் மோசமாகிக்கொண்டே போவதாக மட்டும் தெரியும்.

பலவீனமான இடமும் இருந்தது. அந்த 4.10 லட்சம் மாதச் சேமிப்பு பிப்ரவரியில் போட்ட மதிப்பீடு: தவறான சரக்கு போய்த் திரும்பி வரும் லாரி வாடகை, ஓவர்டைம், ஆண்டுக் கடைசியில் கணக்கில் இடிக்கும் சரக்கை எழுதித் தள்ளுவது, இந்த மூன்றும் சேர்ந்தது. கூலன்ட் பிரிவு வந்த பிறகு அந்த எண் கூடுமா குறையுமா என்று மெயில் பேசவே இல்லை. (இ) வழிக்குச் சொன்ன 2.30 எப்படி வந்தது என்றும் ஒரு வரி இல்லை. நான் சொல்லிப் பார்த்தேன், சோதனையில் நன்றாக வேலை செய்த 8 சந்துகளின் விவரம் இன்னும் போதுமான அளவு சேரவில்லை, அரைகுறை எண்ணைப் போட விருப்பமில்லை என்றார். அது நியாயம்தான், ஆனாலும் "இந்த எண் பிப்ரவரி மதிப்பீடு, மறுபடி பார்க்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

8.20 என்ற எண்

(ஆ) வழியின் தொகையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த நிறுவனத்தில் துறைத் தலைவர் அனுமதித்த தொகைக்கு மேல் 10 சதவீதம் வரை தாமே கையெழுத்துப் போடலாம், இங்கே 8.40 லட்சம். அதற்கு மேல் போனால் நிதிக் குழுவுக்குப் போக வேண்டும். 8.20 அந்த எல்லைக்குள் கச்சிதமாக உட்காருகிறது. எட்டு சந்து என்ற பிரிவு செயற்கையானதல்ல, அதிகம் ஓடும் சரக்கு உண்மையிலேயே அந்த எட்டில்தான் இருந்தது. ஆனாலும் கேட்பவர், கொடுப்பவர் இரண்டு பேருக்குமே நிதிக் குழுவைத் தவிர்க்கும் ஆசை வரும் இடம் இது.

இன்னொரு யோசனையும் குழுவுக்குள் வந்தது: 12.60-ஐ இரண்டு 6.30 ஆக்கி, செப்டம்பரில் ஒரு மெயில், அக்டோபரில் ஒரு மெயில் அனுப்பினால் இரண்டுமே துறைத் தலைவர் அளவிலேயே முடிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். திட்ட மேலாளர் அப்போதே மறுத்துவிட்டார். ஒரே சப்ளையர், ஒரே இடம், சில வாரம் இடைவெளியில் இரண்டு பர்ச்சேஸ் ஆர்டர் என்றால் உள் தணிக்கை அதைத்தான் முதலில் எடுக்கும், எல்லைக்குக் கீழே வருவதற்காக வேலையைப் பிரித்தீர்களா என்று கேட்கும். கேள்வி திட்ட மேலாளரிடம் மட்டும் நிற்காது, கையெழுத்துப் போட்ட துறைத் தலைவருக்கும் போகும். (ஆ) வழி அப்படியல்ல, ஏனென்றால் அடுத்த ஆண்டு 6 லட்சம் வேண்டும் என்பதும், சேர்த்துப் பார்த்தால் 1.60 லட்சம் கூடுதல் என்பதும் அதே மெயிலில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது.

அப்புறம், கட்டம் கட்டமாகச் செய்தால் செலவு அதே விகிதத்தில் குறையும் என்று நினைப்பது வழக்கம். இங்கே ஆன்டெனா செட் 14-இலிருந்து 8 ஆகக் குறைந்தாலும் சர்வேயும் ஆட்களின் நாலு வாரமும் அப்படியே இருந்தன. சாதனத்தில் மிச்சமானது இரண்டரை லட்சம்தான், மீதிக் குறைவு கேபிள், லிஃப்டில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அந்த எண்களைத் தனித்தனியாகக் கணக்கிட்டதால்தான் (அ) வழி ஏன் மொத்தத்தில் மலிவு என்று காட்ட முடிந்தது.

கூட்டம்

மறுநாளே துறைத் தலைவர் கூப்பிட்டார். மெயிலை அச்செடுத்து வைத்திருந்தார், பேனாவால் மூன்று இடத்தில் கோடு.

"ஏம்மா, இருக்கிற பன்னிரண்டு பெட்டியோட பவரைக் கூட்டி வெச்சா ஆகாதா?" என்றார் முதலில். நல்ல கேள்வி, மெயிலில் இதற்குப் பதில் இல்லை. பவரைக் கூட்டினால் ஆக்சஸ் பாயின்ட் பேசுவது ஸ்கேனருக்குக் கேட்கும் சார், ஆனால் ஸ்கேனர் சின்ன பேட்டரியில் ஓடுகிற சாதனம், அது பேசுவது ஆக்சஸ் பாயின்டுக்குக் கேட்காது, திரையில் சிக்னல் முழுதாகக் காட்டும், வேலை மட்டும் நடக்காது என்று திட்ட மேலாளர் விளக்கினார். ஆகஸ்டில் இரண்டு சந்தில் முயன்று பார்த்ததாகவும் சொன்னார்.

இரண்டாவது கோடு அந்த 3.40 லட்சத்தில். "அவங்க ஆள் நாலு வாரம் இருக்கிறதுக்கு நாம ஏன் கொடுக்கணும்?" ஒப்பந்தத்தில் நெட்வொர்க் நம் பொறுப்பு என்று இருக்கிறது, இடம் தயாராகாததால் வரும் தாமதத்துக்கு வார வாடகை நாம்தான் கொடுக்க வேண்டும். அவர் அந்தப் பக்கத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வாரத்துக்கு ஒரு லட்சம் என்று இருந்ததைப் பேசி 85,000-ஆகக் குறைத்திருப்பதையும் அப்போதுதான் சொன்னார். இது மெயிலிலேயே இருந்திருக்கலாம், பேரம் பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் துறைத் தலைவரின் குரலே மாறியது.

மூன்றாவது கோடு 8.20-இன் கீழே. "இதுன்னா இன்னிக்கே போட்டுடலாம்." அறையில் எல்லோரும் எதிர்பார்த்த கேள்வி. "போடலாம் சார், நான் செய்து முடிச்சும் தருவேன். ஆனா ஆறு சந்துல ஸ்கேனர், ஆறு சந்துல காகிதம்னு ஒரே பிக்கர் மாறி மாறி வேலை செய்யணும். ஒரு ஆர்டருக்கு இரண்டு லிஸ்ட் வரும்" என்றார் திட்ட மேலாளர். ஸ்கேனர் சந்துகள் உண்மையில் பதினாறு, அவசரத்தில் ஆறு என்றுவிட்டார், யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. விஷயம் அந்த இரண்டு லிஸ்ட்தான். குடோனிலிருந்து மேலே வந்த துறைத் தலைவருக்கு அதை அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. (அ) வழியை நிதிக் குழுவுக்கு எடுத்துப்போவதாகச் சொன்னார்.

நிதிக் குழு கேட்டது ஒன்றே ஒன்று, அந்த 4.10 லட்சம் இன்றைக்கும் நிற்குமா என்று. பதில் இல்லாத இடம் என்று நான் முன்பே சொன்னது அதுதான். திட்ட மேலாளர் நேராக, இது பிப்ரவரி எண், புதிதாகக் கணக்கிடவில்லை, கோ-லைவுக்குப் பிறகு அளந்துதான் சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டார். குழு 14-ஆம் தேதி அனுமதித்தது, இரண்டு நிபந்தனையோடு. அந்த ஒரு லட்சம் எதிர்பாராச் செலவு துறைத் தலைவரின் கையில் இருக்கும், ஒவ்வொரு முறையும் அவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கோ-லைவுக்குப் பிறகு மூன்று மாதம், தவறாகப் போய்த் திரும்பிய சரக்கின் லாரி வாடகையையும் ஓவர்டைமையும் மாதாமாதம் அனுப்ப வேண்டும்.

ஸ்டாக் எடுப்பு நடந்த மூன்று நாளில் ஆன்டெனா மாட்டி முடிந்தது. மறு சர்வேயில் 12 சந்து தேறியது. பேட்டரி ரேக்குகளுக்கு இடையே இருந்த இரண்டு சந்தில் மட்டும் அடித்தட்டு இன்னும் எல்லைக்குக் கீழேயே இருந்தது. ஆன்டெனாவை இறக்கி, சாய்வை மாற்றி வைத்தார்கள். அதற்கு லிஃப்ட் ஒரு இரவுக்கு மறுபடி வந்தது, ஒரு லட்சத்தில் 40,000 போனது. நவம்பர் 3-ஆம் தேதி கோ-லைவ் நடந்தது, மீதி 60,000 திரும்பிப் போனது, திட்டம் 96 லட்சத்தில் மூடப்பட்டது. மூன்று மாத அறிக்கை முதல் மாதம் 4.10-இல் அந்த இரண்டுக்கும் உரிய பங்குக்குக் கீழே வந்தது, பிக்கர்கள் பழகிய பிறகு மூன்றாவது மாதத்தில் அதை ஒட்டி வந்து நின்றது. ஆண்டுக் கணக்கில் இடிக்கும் சரக்கின் பங்கு மட்டும் மார்ச் ஸ்டாக் எடுப்புக்குப் பிறகுதான் தெரியும் என்று அந்த அறிக்கையின் கடைசி வரியில் திட்ட மேலாளரே எழுதியிருந்தார்.